ஒரு தாமதச் செய்தி, மூன்று ஆங்கிலம்

ஆர்டர் 200 பைகள். ஜூன் 10 அன்று அனுப்புவதாகச் சொல்லியாயிற்று. பக்கிள் வந்து சேரத் தாமதமானதால் 120 பைகள்தான் தயார். மீதி ஜூன் 17 அன்றுதான் முடியும். வெளிநாட்டு வாங்குநருக்கு இதை எப்படி எழுதுவது?

முதல் வழி, நமக்குப் பழகிய அலுவலக ஆங்கிலம். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் எஸ்டீம்ட் ஆர்டர்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடியும். மரியாதை இருக்கிறது, ஆனால் புதுத் தேதி நாலாவது வரியில் ஒளிந்திருக்கும். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் 'நீட்ஃபுல்' என்ற சொல்லுக்குள் மறைந்துபோகும்.

இரண்டாவது, படங்களில் கேட்ட பேச்சுவழக்கு: 'வி ஹிட் எ ஸ்நாக், பட் நோ வொரீஸ்!' வாங்குநர் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருந்தால் அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்; 'ஸ்நாக்' என்றால் சிக்கல் என்று புரியாமல் போகலாம். அதைவிட, ஒரு வாரம் தாமதம் என்பவரே 'கவலை வேண்டாம்' என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். மூன்றிலும் எனக்கு ஆகவே ஆகாதது இதுதான்.

மூன்றாவது, சின்னச் சின்ன வாக்கியங்கள்: 'யுவர் ஆர்டர் இஸ் லேட். த பக்கிள்ஸ் கேம் லேட். ஐ ஆம் சாரி. 120 பேக்ஸ் ஆர் ரெடி நவ். த அதர் 80 வில் பி ரெடி ஆன் 17 ஜூன். ஷுட் வி சென்ட் த 120 நவ், ஆர் சென்ட் ஆல் 200 ஆன் 17 ஜூன்?' கடைசிக் கேள்விக்கு அவர் ஒரே வரியில் பதில் போடலாம். மாதத்தை எழுத்தில் எழுதுவதும் முக்கியம். 05/06 என்றால் அமெரிக்கர் மே 6 என்று படிப்பார், பிரிட்டிஷ்காரர் ஜூன் 5 என்று படிப்பார்.

ஆனால் வாக்கியம் சின்னதானால் மட்டும் இயல்பு வந்துவிடாது. தமிழ் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். சந்தேகம் கேட்கிறோம் என்று நினைத்து 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ஆர்டர்' என்று எழுதினால், ஆர்டர் மீதே நம்பிக்கை இல்லை என்பதுபோல் அவருக்குத் தோன்றும். 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமென்றால் 'பை ஃப்ரைடே'. 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிவரை என்று பொருள் மாறிவிடும்.

இந்த வழி சறுக்கும் இடம் பணம் கேட்கும்போது. 'சென்ட் பேமென்ட் டுடே' அதட்டலாகக் கேட்கும். 'கேன் யூ ப்ளீஸ் சென்ட் த பேமென்ட் பை 20 ஜூன்? வி நீட் இட் டு பை த க்ளாத்' என்று காரணமும் சேர்ந்தால் குரல் தணிகிறது. ப்ளீஸ் ஒன்று போதும். வரிக்கு ஒன்று வைத்தால் கெஞ்சலாகிவிடும்.

எஃப்ஓபி, சிஐஎஃப் போன்ற விற்பனை நிபந்தனைகளை மட்டும் எளிமையாக்கப் போகாதீர்கள். கப்பல் சரக்குக்கட்டணம் யார் தலையில் என்பதை அந்த மூன்றெழுத்துதான் தீர்மானிக்கிறது.