ஒரே மதிப்பெண்கள், இரண்டு கடிதங்கள்

ஏழு வயதுப் பையன். வகுப்பில் உட்காருவதில்லை, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அடிக்கிறான், எதையும் முடிப்பதில்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஜூன் மாதத்தில் தூக்கத்தில் இரண்டு முறை வலிப்பு வந்ததால் குழந்தை மருத்துவர் லெவெடிராசிட்டம் சிரப் தொடங்கியிருந்தார். செப்டம்பர் இறுதியில் என் மதிப்பீடு முடிந்தது. மருந்து எழுதுவது குழந்தை உளவியலாளரின் வேலையில்லை. கண்டதை மருத்துவருக்கு எழுதி, மருந்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் வேலை. அந்தக் கடிதத்தை இரண்டு விதமாக எழுதினேன். குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு இரண்டையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் கடிதம் எங்கள் துறையில் பழகிப்போன வடிவம். நான்கு பக்கம். பிறப்பு வரலாறு, வளர்ச்சிப் படிகள், அறிவுத்திறன் சோதனையின் ஒவ்வொரு பிரிவிலும் பெற்ற மதிப்பெண் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, குழந்தையின் கவனத்தையும் துடிப்பையும் பற்றி ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பும் வாண்டர்பில்ட் படிவத்தின் முடிவு வரும். மிகைத் துடிப்புக்கான ஒன்பது கேள்விகளில் ஆசிரியர் ஏழுக்கும், தாய் ஆறுக்கும் ‘அடிக்கடி’ அல்லது ‘மிக அடிக்கடி’ என்று குறித்திருந்தார்கள். ஆறு இருந்தாலே அந்தப் பகுதி எல்லையைத் தாண்டிவிடும். கடைசி வரி இப்படி முடிந்தது: “கவனக்குறைவு மிகைத் துடிப்புக் குறைபாட்டுக்கு ஒத்த முடிவுகள். மருந்து குறித்துத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மாலையில் நாற்பது குழந்தைகளைப் பார்த்து முடித்த மருத்துவர் இதைப் படித்தால் என்ன செய்வார்? கடைசிப் பத்தியைப் பார்ப்பார். ஒரு பெயர் இருக்கிறது, ‘மருந்து’ என்ற சொல் இருக்கிறது. புதிய மருந்து ஒன்றைத் தொடங்கச் சொல்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். நான் கேட்க வந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்தைப் பற்றி.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். கேள்விதான் முதலில்: “இந்தக் குழந்தையின் எரிச்சலும் அடிக்கும் பழக்கமும் லெவெடிராசிட்டத்தின் பக்கவிளைவாக இருக்கக்கூடுமா என்று தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.” அதற்குக் கீழே காலவரிசை. ஜூன் இரண்டாம் வாரம், எடை 22 கிலோ, ஒரு நாளைக்கு இருமுறை 2.2 மில்லி. ஜூலை முதல் வாரம் பள்ளியிலிருந்து முதல் புகார். ஜூலை கடைசியில் மீண்டும் ஒரு வலிப்பு, அளவு 4.4 மில்லியாக இரட்டிப்பு. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து அடிப்பது தினசரி ஆகிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளின் வகுப்பாசிரியர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். இருவரும் “அமைதியான பையன்” என்றார்கள்.

அதே ஏழும் ஆறும் இந்தக் கடிதத்திலும் இருக்கின்றன. ஆனால் காலவரிசைக்குப் பின்னால் நிற்பதால் அவற்றின் பொருள் மாறிவிடுகிறது. அந்தக் குறைபாட்டைச் சொல்ல அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். இவனுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேள்வித்தாள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணும். எப்போது தொடங்கியது என்று எண்ணாது. லெவெடிராசிட்டம் எடுக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு எரிச்சலும் கோபமும் வருவது நன்கு அறியப்பட்டது. பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களிலோ அளவு கூட்டியவுடனோதான் வரும். மருத்துவருக்கு இது தெரியாதது அல்ல. வலிப்பு நின்றதா என்று கேட்டிருப்பார், நின்றது என்று தாய் சொல்லியிருப்பார். பள்ளியில் நடப்பதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

மருந்தின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்தில் சீட்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதினேன். இரண்டாவதற்கு முன் தாயை பாட்டிலையும் அளவுக் குழலையும் கொண்டுவரச் சொல்லி, ஊற்றிக் காட்டச் சொன்னேன். சரியாகத்தான் ஊற்றினார். தவறாக ஊற்றியிருந்தால் கடிதத்தின் கேள்வியே வேறாகியிருக்கும். எழுதியிருக்கும் அளவும் குழந்தையின் வயிற்றுக்குள் போகும் அளவும் ஒன்றுதான் என்று நம்பி எழுதக்கூடாது.

என் ஊகத்துக்கு எதிரானவற்றையும் இரண்டாவது கடிதத்தில் வைத்தேன். ஆகஸ்ட் நடுவில் தந்தை வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். புகார்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டாலும், அந்தப் பிரிவு நிலைமையைக் கூட்டியிருக்கலாம். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளிடம் கவனக் குறைபாடு பொதுவாகவே அதிகம். இன்னொன்று: பாடத்தின் நடுவே சில நொடி வெறித்துப் பார்க்கிறான் என்று ஆசிரியர் சொன்னார். தோளைத் தொட்டால் திரும்புகிறானா என்று கேட்டதற்கு, தொட்டுப் பார்த்ததில்லை என்றார். கவனம் சிதறிய குழந்தை தொட்டால் திரும்பிவிடும். சிறு வலிப்பாக இருந்தால் திரும்பாமல் போகலாம். இந்த வரி இல்லாமல் “மருந்துதான் காரணம்” என்று மட்டும் எழுதியிருந்தால், வலிப்பு இன்னும் அடங்காத குழந்தையின் மருந்தைக் குறைக்கத் தூண்டியவள் ஆகியிருப்பேன்.

கேட்கும் விதத்திலும் இரண்டும் வேறு. “மருந்தை மாற்றவும்” என்று உளவியலாளர் எழுதினால் மருத்துவர் முகம் சுளிப்பார், சுளிப்பது நியாயம். “பரிசீலிக்கவும்” என்று பட்டும் படாமலும் எழுதினால் எதைப் பரிசீலிப்பது என்று தெரியாது. பக்கவிளைவா இல்லையா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, அவர் முடிவுக்கு உதவ இரண்டு வாரத்துக்கான நாட்குறிப்பை இணைத்தேன்: தினமும் எத்தனை முறை அடித்தான், எத்தனை மணி நேரம் தூங்கினான்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தாயிடம் வாயால் சொல்லி அனுப்புவது. இதை நான் அறவே ஏற்பதில்லை. காலவரிசையைக் காட்டி விளக்கியபோதே அவர், “அப்படியானால் நாளையிலிருந்து நிறுத்திவிடட்டுமா மேடம்?” என்று கேட்டார். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம், சில சமயம் நிற்காமல் தொடரும். “டாக்டர் சொல்லும்வரை ஒரு வேளைகூட விடாதீர்கள்” என்று தாயிடம் சொன்னதைக் கடிதத்திலும் எழுதினேன். இருவர் கையிலும் ஒரே சொல் இருக்க வேண்டும்.

கடிதமே போதாத நேரமும் உண்டு. இந்த மருந்து எடுக்கும் குழந்தை சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால், அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இவனிடம் அதைத் தனியாகக் கேட்டேன். இல்லை என்றான், அந்த ‘இல்லை’யும் கடிதத்தில் ஒரு வரி.

நான்கு பக்கத்தை நான் எறிந்துவிடவில்லை. பள்ளிக்கும் சிறப்புக் கல்விக்கும் பிரிவு மதிப்பெண்கள் தேவை; அங்கே அதுதான் சரியான ஆவணம். மருத்துவருக்குப் போனது ஒரு பக்கம், “முழு அறிக்கை கேட்டால் அனுப்புகிறேன்” என்ற குறிப்புடன்.

மருத்துவர் மறுநாள் அழைத்தார். முதலில் கேட்டது வெறித்துப் பார்ப்பதைப் பற்றித்தான். மூளை மின்வரைவு எடுத்து, நரம்பியல் மருத்துவரிடம் கலந்து, வேறொரு மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றியபடி லெவெடிராசிட்டத்தைச் சில வாரங்களில் இறக்கினார். டிசம்பரில் அதே ஆசிரியரிடம் அதே படிவத்தைக் கொடுத்தேன். மிகைத் துடிப்பில் ஏழு மூன்றாகியிருந்தது, அடிப்பது நின்றிருந்தது. கவனம் தொடர்பான ஒன்பது கேள்விகளில் முன்பு ஐந்து, இப்போது நான்கு. அது பெரிதாக அசையவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பார்க்க நாள் குறித்து, அதையும் அரைப் பக்கத்தில் மருத்துவருக்கு எழுதினேன்.