நாற்பது வரிகளில் இல்லாத முந்திரி

ஊரில் இருந்தது மூன்று வாரம்தான். அதற்குள் பையனுக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்து நிபுணரையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம், நாங்கள் இருக்கும் நாட்டில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவனுக்கு எட்டு வயது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, இது இரண்டு வருடமாக இருக்கிறது. அதோடு கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பிறந்தநாள் விழாவில் முந்திரி போட்ட கேக்கைச் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது.

லேபில் வேகத்துக்குக் குறையே சொல்ல முடியாது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், மறுநாள் மாலை ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. ஆனால் எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று கேட்டவர்கள், எதைச் சாப்பிட்டு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் 'உணவும் தூசியும் சேர்த்து நாற்பது பொருள்' என்றதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

ரிப்போர்ட்டைத் திறந்தால் ஆறு வரி சிவப்பில் இருந்தது. தூசிப்பூச்சி 46, கிரேடு 4. கரப்பான் 5.2, கிரேடு 3. இறால் 2.8, வேர்க்கடலை 1.1, இரண்டும் கிரேடு 2. கோதுமை 0.6, பால் 0.4, இரண்டும் கிரேடு 1. மேலே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவு 780. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஆறு நாள் கழித்துத்தான். அன்று ராத்திரியே என் மாமியார் பால், கோதுமை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றார். பயத்தில் நானும் தலையாட்டினேன்.

மறுநாள் உட்கார்ந்து நிதானமாகப் படித்தபோதுதான் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று புரிந்தது. ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு இந்த ஐஜிஇ எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறதா, எவ்வளவு என்பதை மட்டும்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. எதிர்ப்பொருள் இருந்தும் அந்தப் பொருளால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. எண் கூடக் கூட, அது உண்மையான அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு பொதுவாகக் கூடும், அவ்வளவுதான். வந்தால் எவ்வளவு மோசமாக வரும் என்பதைக் கிரேடு சொல்லாது. கிரேடு 2 இருப்பவருக்குக் கடுமையாக வரலாம், கிரேடு 4 இருப்பவருக்கு வாயில் அரிப்போடு நின்றுவிடலாம்.

கிரேடு பிரித்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பொதுவாக 0.35க்குக் கீழே பூஜ்யம், 0.7 வரை ஒன்று, 3.5 வரை இரண்டு, 17.5 வரை மூன்று, 50 வரை நான்கு, 100 வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. படிகள் ஒரே அளவில் இல்லை. 0.69 கிரேடு 1, 0.71 கிரேடு 2, இந்த இரண்டுக்கும் நடுவில் பேசும்படியான வித்தியாசமே கிடையாது. ஆனால் 3.6ம் 17ம் ஒரே கிரேடு 3. அதனால் கிரேடை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. அந்த எண்ணையும் வேறு முறையில் எடுத்த டெஸ்டோடு ஒப்பிடக் கூடாது. இரண்டு வருடம் முன்னால் நாங்கள் இருக்கும் நாட்டில் எடுத்ததில் தூசிப்பூச்சி 18, இப்போது 46. இரண்டரை மடங்கு ஆகிவிட்டதே என்று பதறினேன். பிறகு பார்த்தால், அது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அளந்த டெஸ்ட், இது ஒரே பட்டையில் நாற்பதையும் சேர்த்து ஓட்டியது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் முறையின் பெயர் இருந்தது.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, சிவப்பு வரி ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்றே விஷயம் எழுதினேன். இதைச் சாப்பிட்டிருக்கிறானா? கடைசியாக எப்போது? சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஏதாவது ஆனதா? பாலும் கோதுமையும் தினமும், ஒன்றும் ஆனதில்லை. வேர்க்கடலை வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒன்றும் ஆனதில்லை. இறால் சாப்பிட்டதே இல்லை. தூசிப்பூச்சிக்குத்தான் கதை கச்சிதமாகப் பொருந்தியது, படுக்கையில் இருந்து எழும்போது தும்மல், வெளியில் போனால் குறைவு.

எழுதி முடித்ததும்தான் நெஞ்சில் அடித்தது போல் ஒன்று தெரிந்தது. முந்திரி அந்தத் தாளில் எங்குமே இல்லை. நாற்பது வரியையும் இரண்டு தடவை படித்தேன். வேர்க்கடலை இருக்கிறது, பாதாம் இருக்கிறது, முந்திரி இல்லை. அதுவரை, உதடு வீங்கியதற்கு வேறு காரணம் போலிருக்கிறது, முந்திரிதான் சிவப்பில் வரவில்லையே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பில் வராதது வேறு, சோதிக்கவே படாதது வேறு. குழந்தைக்கு நிஜமாகவே ஆபத்து காட்டிய ஒரே பொருளைச் சோதிக்காமல், தினமும் சாப்பிடுகிற மூன்றை நிறுத்தப் பார்த்திருக்கிறோம். அன்றே பாலும் கோதுமையும் வேர்க்கடலையும் திரும்ப வந்தன. முந்திரியையும் அதன் நெருங்கிய சொந்தமான பிஸ்தாவையும் மட்டும் டாக்டரைப் பார்க்கும் வரை வீட்டுக்குள் விடவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைவிட என் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். சரியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவைச் சின்ன எண்ணுக்காக நிறுத்தாதீர்கள், எதிர்ப்பொருள் இருக்கும் குழந்தைக்கு நீண்ட நாள் நிறுத்தினால் உடம்பு பழக்கத்தை இழந்து, திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே அலர்ஜி வரக்கூடும் என்றார். மொத்த ஐஜிஇ இவ்வளவு உயரமாக இருக்கும்போது இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பாசிட்டிவ்கள் கூடவே வருவது சகஜமாம். இறாலுக்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. தூசிப்பூச்சி, கரப்பான், இறால் மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் இறாலே சாப்பிடாதவனுக்கும் இறால் பாசிட்டிவ் வரலாம். ஆனால் சாப்பிட்டதே இல்லை என்பதால் வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டாம், தேவைப்பட்டால் மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முந்திரிக்குத் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டை அன்றே செய்திருப்பார். ஆனால் முந்தின நாள் தும்மலுக்கு அலர்ஜி மாத்திரை கொடுத்திருந்தேன். ரத்த டெஸ்டை அந்த மாத்திரை பாதிக்காது, தோல் டெஸ்டைப் பாதிக்கும், சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடுமுறையில் வருபவர்கள் போன் செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், எங்களுக்கு இன்னொரு நாள் இல்லை.

அதனால் முந்திரிக்கு மட்டும் தனியாக ரத்தம் கொடுத்தோம். 8.4 வந்தது, தூசிப்பூச்சியின் 46க்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன எண். ஆனால் பத்து நிமிடத்தில் வீங்கிய உதடு இதற்குத்தான் பொருந்துகிறது என்று சொல்லி, முந்திரியும் பிஸ்தாவும் கூடவே கூடாது என்று எழுதி, அட்ரினலின் ஊசியும் எப்போது போட வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்தார். பள்ளியில் கொடுக்க அந்தக் குறிப்பில் இரண்டு பிரதி எடுத்து வந்திருக்கிறோம்.