தேர்வு நாளுக்கு முன் நான் அனுப்பும் மெயில்: இரண்டு வருட அனுபவம்

பெங்களூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். பருவத் தேர்வில் ஒரு பகுதி கம்ப்யூட்டர் லேபில், மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் வழியாக நடக்கும். அன்றைக்கு மட்டும் பிரவுசரைப் பூட்டித் தரச் சொல்லி லேப் நிர்வாகிக்கு மெயில் போடுவது என் வேலை.

முதல் மெயில் ஒரே வரி: "நாளை தேர்வு நேரத்தில் வேறு எந்தத் தளமும் திறக்கக் கூடாது, சார்." அவரும் சொன்னபடியே தேர்வுத் தளத்தைத் தவிர எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். ஆனால் எங்கள் பிள்ளைகள் கூகுள் கணக்கு வழியாகத்தான் மூடிலுக்குள் நுழைகிறார்கள். `accounts.google.com` திறக்காததால் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. இருபது நிமிடம் போனது. தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் ஒரு மாணவர் கணக்கில் நானே நுழைந்து பார்த்து, வழியில் வரும் முகவரிகளை எல்லாம் எழுதி அனுப்புகிறேன்.

அடுத்த பருவத்தில் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு மாறினோம். இலவசம், திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், வேறு செயலிக்குத் தாவ விடாது. வந்த புதுச் சிக்கல் தமிழ்த் தட்டச்சு. விண்டோஸில் மொழி மாற்ற Windows + Space அழுத்துவோம் அல்லவா, இது அந்த விண்டோஸ் விசையையே முடக்கிவிடுகிறது. 'அ' அடிக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் a அடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மூடிலில் அந்தத் தேர்வின் அமைப்புகளுக்குள் `Show keyboard layout` என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கீழ்ப்பட்டையில் மொழி தெரியும், சொடுக்கி மாற்றலாம். பக்கத்திலேயே எழுத்துப்பிழை திருத்தியும் இருக்கிறது. அதை அணைத்து வைக்கச் சொல்வேன். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பவள் நான்.

மூன்றாவது பாடம், பூட்டிய பிரவுசரிலிருந்து வெளியேறத் தேவைப்படும் கடவுச்சொல். ஒரு மாணவியின் திரை உறைந்துவிட்டது. கடவுச்சொல் நிர்வாகியிடம், அவரோ பேங்கில். கடைசியில் பவர் பட்டனை அழுத்தி நிறுத்தினோம். மூடில் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி இருந்ததால் கடைசி இரண்டு வரிதான் போனது. இப்போது தேர்வன்று காலை அந்தக் கடவுச்சொல் உறை ஒன்றில் என் கைக்கு வந்துவிடும்.

ஆக, இன்றைய மெயில் ஒரு பக்கத்துக்கு வருகிறது: தேதி, பூட்டும் நேரம், திறக்கும் நேரம், லேபில் எத்தனை கணினி, அனுமதிக்க வேண்டிய முகவரிகள், விசைப்பலகை, கடவுச்சொல் யாரிடம் இருக்கும். முதல் நாள் மாலை ஒரே ஒரு கணினியில் சோதிக்க அரை மணி நேரம் வேண்டும் என்பதையும் சேர்ப்பேன். திறக்கும் நேரத்தை ஒருமுறை விட்டுவிட்டேன். மறுநாள் கணக்கு மிஸ் வகுப்புக்கு லேபைத் திறந்தபோது எந்தக் கணினியிலும் ஒரு தளமும் வரவில்லை. அவர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.