உமி பாய்லர் ஐடி ஃபேனை கழட்டாம பேலன்ஸ் பண்றது: பல சீசனா பண்ணிப் பாத்த அனுபவம்

மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். நெல் அவிக்கிற பாய்லர் உமியில ஓடுது. அதோட புகையை இழுத்து சிம்னிக்கு தள்ளுற ஐடி ஃபேன்தான் எங்களுக்கு நிரந்தரத் தலைவலி, ஏன்னா உமிச் சாம்பல்ல முக்கால்வாசிக்கு மேல சிலிக்கா, அது பிளேடை அரம் வச்சு ராவுற மாதிரி தின்னுக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் பிளேடோட முதுகுல சாம்பல் படிஞ்சு இறுகும், ரெண்டும் எல்லா பிளேடுலயும் ஒரே அளவா நடக்காது. அதனால அதிர்வு ஏறும், பேரிங் போகும். முன்னாடி எல்லாம் பிளேடு இருக்குற சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை கழட்டி திருச்சிக்கு வண்டியில ஏத்தி, பேலன்சிங் மெஷின்ல போட்டுக் கொண்டாருவோம். சம்பா நெல் வந்து களம் நிறைஞ்சு கெடக்குற நேரத்துல பாய்லரை நிறுத்தினா என்ன ஆகும்னு மில்லுல இருக்கவங்களுக்கு சொல்லவே வேணாம். இப்ப பல சீசனா ஃபேன் இருக்குற இடத்துலயே ஒரு பேனா மாதிரி வைப்ரேஷன் மீட்டர், ஒரு காம்பஸ், ஒரு தாள் வச்சு பண்றோம். இதுதான் அந்த முறையைப் பத்தின என் அனுபவம்.

முதல்ல எந்த மாதிரி சுத்துற சாமானுக்கு, அதாவது ரோட்டருக்கு, இது ஒத்து வரும்னு சொல்லிடுறேன். வி பெல்ட் புல்லி மாதிரி ஒல்லியான சாமானை ஒரு தண்டுல மாட்டி, மட்டம் பாத்து வச்ச ரெண்டு கத்தி முனை மேல உருட்டி விட்டா கனமான பக்கம் தானா கீழ வந்து நிக்கும், எதிர்ப்பக்கம் எடை சேத்தாலோ கனமான பக்கம் துளை போட்டு குறைச்சாலோ வேலை முடிஞ்சுது, அதுதான் ஸ்டாட்டிக். ஆனா அகலமான டிரம் மாதிரி ரோட்டர்ல இடது கோடியில மேல கொஞ்சம் கனம், வலது கோடியில அதுக்கு நேர் எதிரா கீழ அதே கனம் இருந்துச்சுன்னா, கத்தி முனையில அது எங்க வச்சாலும் அசையாம நிக்கும், சுத்தும்போது மட்டும் ரெண்டு பேரிங்கையும் மாத்தி மாத்தி ஆட்டும். அதுக்கு டைனமிக்தான் வேணும், ரெண்டு தளத்துல எடை வைக்கணும், நான் சொல்ற முறை அதுக்குப் பத்தாது. எங்க ஐடி ஃபேன் இம்பெல்லரோட அகலம் விட்டத்துல பாதிக்கும் கம்மி, வேகம் 960 ஆர்பிஎம், அதனால ஒரே தளத்துல எடை வச்சா போதும்.

மீட்டரை எடுக்குறதுக்கு முன்னாடி பிளேடை சுத்தமா சுரண்டிடணும். சாம்பலோட பேலன்ஸ் பண்ணிட்டு, அடுத்த நாள் அந்தக் கட்டி ஒண்ணு பேத்துக்கிட்டுப் போச்சுன்னா மறுபடி அதே ஆட்டம்தான். அப்புறம் ஃபவுண்டேஷன் போல்ட்டு, பிளம்மர் பிளாக் போல்ட்டு, பெல்ட்டு டென்ஷன் எல்லாம் பாக்கணும். ஃபேனை ஓட்டி ரீடிங் எடுத்து, நிறுத்தி, மறுபடி ஓட்டி எடுத்தா அதே ரீடிங் வரணும். வரலைன்னா எங்கயோ லூசு இருக்கு, எடை வச்சு அதை சரி பண்ண முடியாது.

போன சீசன் கணக்கையே சொல்றேன். இம்பெல்லர் சுமார் 150 கிலோ, 12 பிளேடு. பிளேடுக்கு 1 லேந்து 12 வரைக்கும் பெயின்ட்ல நம்பர் போட்டாச்சு, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 30 டிகிரி. ஃபேன் பக்க பேரிங்ல கிடைமட்டமா எடுத்த ரீடிங் செகண்டுக்கு 9 மி.மீ. பேரிங் மேல பஞ்ச் அடிச்சு வச்ச அதே புள்ளியில, அதே திசையில மட்டும்தான் எப்பவும் மீட்டரை வைப்போம், கை கொஞ்சம் மாறினாலும் ரீடிங் மாறும்.

சோதனை எடை 40 கிராம், கிளாம்பு போல்ட்டு எல்லாம் சேத்து தராசுல நிறுத்தது. மையத்துலேந்து 40 செ.மீ. தூரத்துல 960 ஆர்பிஎம்ல அது ஏறக்குறைய 16 கிலோ விசையோட இழுக்கும், ரோட்டர் எடையில பத்துல ஒரு பங்கு. ரொம்பக் கம்மியா வச்சா ரீடிங் அசையாது, ரொம்ப ஜாஸ்தி வச்சா பேரிங்குக்கு ஆபத்து. அதை 1ம் நம்பர் பிளேடுல மாட்டி ஓட்டினா 9.5, கழட்டி 5ம் நம்பர்ல மாட்டினா 6.1, 9ம் நம்பர்ல 13.8. ஒவ்வொரு தடவையும் ஃபியூஸ் கேரியரை கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கிட்டுதான் உள்ள கை வைக்கணும். ஃபேன் ஓடும்போது இம்பெல்லருக்கு நேர் பக்கவாட்டுல யாரும் நிக்கக் கூடாது, கிளாம்பு பிச்சுக்கிட்டா அந்தப் பக்கம்தான் வரும். அடுத்தடுத்து ஸ்டார்ட் பண்றதால மோட்டார் சூடாகும், நடுவுல ஆற விடணும்.

இப்ப தாள். செகண்டுக்கு 1 மி.மீ.ன்னா தாள்ல அரை செ.மீ.ன்னு வச்சுக்கிட்டு, 4.5 செ.மீ. ஆரத்துல ஒரு வட்டம் போடுங்க, அது எடை இல்லாத 9. அந்த வட்டத்து மேல 0, 120, 240 டிகிரியில மூணு புள்ளி, அதாவது 1, 5, 9ம் பிளேடு. முதல் புள்ளியை மையமா வச்சு 4.75 செ.மீ.ல ஒரு வில், ரெண்டாவதுலேந்து 3.05, மூணாவதுலேந்து 6.9. மூணும் ஒரே இடத்துல வெட்டுச்சு. பெரிய வட்டத்தோட மையத்துலேந்து அந்த வெட்டுப் புள்ளிக்கு 2.5 செ.மீ., அப்டின்னா 40 கிராம் உண்டாக்குற அதிர்வு 5. நமக்கு 9ஐ அழிக்கணும், 40ஐ 9ஆல பெருக்கி 5ஆல வகுத்தா 72 கிராம். வைக்க வேண்டிய இடம் வெட்டுப் புள்ளி இருக்குற திசை, 80 டிகிரி.

80 டிகிரியில பிளேடு இல்ல, 60ல 3ம் பிளேடும் 90ல 4ம் பிளேடும் இருக்கு. பிரிச்சா 3ல 25 கிராம், 4ல 49 கிராம், கூட்டினா 74 வரும், கோணம் பிரியுறதால அப்படித்தான். வெல்டிங் பண்ண வந்த தம்பி எர்த் கிளாம்பை பேரிங் ஸ்டாண்டுல மாட்டப் போனான், "தம்பி, அத இம்பெல்லர்லயே மாட்டு, கரன்ட்டு பேரிங் வழியா போனா உருளையெல்லாம் பொத்தல் விழுந்துரும்"னு நிறுத்தினேன். இதை எத்தனையோ இடத்துல கவனிக்கிறதே இல்ல, பேலன்ஸ் பண்ணின கொஞ்ச நாள்ல பேரிங் சத்தம் போடுதும்பாங்க, காரணம் இதாத்தான் இருக்கும். வெல்ட் பண்ணிட்டு ஓட்டினா ரீடிங் 1.8. ஃபேனுக்கு வழக்கமா சொல்ற ஜி 6.3ங்கிற பேலன்ஸ் தரப்படி பாத்தா இந்த இம்பெல்லர்ல அந்த ஆரத்துல 24 கிராம் வரைக்கும் மிச்சம் இருக்கலாம், நம்ம கணக்குல அது 3க்குப் பக்கத்துல வரும், அதனால அதோட விட்டாச்சு.

குறைன்னு பாத்தா, அஞ்சு தடவை ஸ்டார்ட் பண்ணணும், அரை நாள் போயிடும். அதிர்வு எந்தக் கோணத்துல வருதுன்னு ஃபேஸ் காட்டுற மீட்டர் இருந்தா மூணுல முடியும், ஆனா அதோட விலை எங்க மில்லுக்கு கட்டாது. மூணு வில்லும் ஒரு இடத்துல சேராம பெரிய முக்கோணமா நின்னா அந்தக் கணக்கை நம்பாதீங்க, லூசோ, ஃபேன் வேகத்தோட சேந்து ஸ்டாண்டு ஆடுற ரெசனன்ஸோ, ஷாஃப்ட்டு வளைவோ இருக்கும்.

ரொம்ப நாள் பண்ணினதுல கிடைச்ச பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. எங்க ஃபேன்ல செகண்டுக்கு 1 மி.மீ. அதிர்வுக்கு 8 கிராம்னு இப்ப தெரியும். அடுத்த தடவை 6 வந்தா 48 கிராம் வேணும்னு தராசுல மொதல்லயே நிறுத்து வச்சுக்கலாம். இடம் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை ஓட்டம், 1ம் பிளேடுல அதே 40 கிராம். 6க்கு 3 செ.மீ. வட்டம் போட்டு, அதே மையத்துலேந்து 2.5 செ.மீ.ல இன்னொரு வட்டம், அப்புறம் 0 டிகிரி புள்ளியிலேந்து வந்த ரீடிங் அளவுல ஒரு வில். அந்த வில் உள்வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டும், ரெண்டுல ஒண்ணுதான் சரி. ஒரு பக்கம் வச்சு ஓட்டணும், அதிர்வு நல்லா இறங்கலைன்னா அந்தப் பக்கம் இல்ல, எடையை அடுத்த பக்கம் மாத்தணும். புல்லி மாத்தி வேகம் மாறினாலோ, ஸ்டாண்டுக்கு அடியில சிமென்ட்டு பேந்து கிரவுட் போட்டாலோ அந்த 8 கிராம் கணக்கு செல்லாது, மறுபடி முழு நாலு ரீடிங்கும் எடுத்துட்டுத்தான் பண்ணணும்.