வியர்வையில் போன உப்பை மீட்பது இளநீரா, விளையாட்டுப் பானமா?

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இளநீர் குடிப்பதா, புட்டியில் விற்கும் விளையாட்டுப் பானம் குடிப்பதா என்ற கேள்விக்கு, எது இயற்கையானது என்பதை வைத்து விடை காண முடியாது. வியர்வையில் உடல் எதை இழந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியமும் 200 மில்லிகிராம் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. சோடிய அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறினாலும், பொட்டாசியத்தைவிட அது பெரும்பாலும் பல மடங்கு அதிகமாகவே இருக்கும்.

மே மாதக் காலையில் சென்னைக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது அவர் எடை 62 கிலோ. திரும்பி வந்து, உடலைத் துடைத்துவிட்டு நிற்கும்போது 60.4 கிலோ. வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருப்பதால், சிறுநீர் கழிக்கவில்லையென்றால், அவருடைய வியர்வை சுமார் 2.1 லிட்டர். அதாவது 1,900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியமும், 400 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியமும் போயிருக்கின்றன. குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வரை குடிக்கச் சொல்வார்கள். இவருக்கு அது 2.4 லிட்டர்.

அந்த 2.4 லிட்டரையும் இளநீராகவே குடித்தால் ஏழெட்டுக் காய்கள் வேண்டும். இளநீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கும். ஆகவே 400 போன இடத்தில் ஐயாயிரம் அளவுக்குச் சேரும். சோடியமோ மண்ணுக்கும் மரத்துக்கும் காயின் முற்றலுக்கும் ஏற்ப மாறக்கூடியது. பெரும்பாலும் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான். 300 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 720 மட்டுமே திரும்புகிறது. இளநீரின் உண்மையான குறை இதுதான், அதன் புகழ்ச்சியில் பெரும்பாலும் சொல்லப்படாமல் போவதும் இதுதான்.

சோடியம் குறைந்தால் என்ன ஆகும்? குடித்த நீர் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. உடனே சிறுநீரகம் மிகுதி நீர் இருப்பதாகக் கொண்டு அதை வெளியேற்றத் தொடங்குகிறது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்தில் தெளிந்த நிறத்தில் அடிக்கடி சிறுநீர் போகிறது, ஆனால் எடை பார்த்தால் இன்னும் ஒரு கிலோ குறைவாகவே இருக்கிறது என்றால், குடித்தது உடலில் தங்கவில்லை என்று அறியலாம். சிறுநீரின் நிறத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

விளையாட்டுப் பானம் இந்தக் கணக்கில் மேல்தான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு அல்ல. 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்காக உருவாக்கிய கேட்டரேட் வகைப் பானங்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம் சோடியமும் 60 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. 2.4 லிட்டர் குடித்தால் சோடியம் 1,080 வரும். இழந்ததில் பாதிக்குச் சற்று மேல். கூடவே 144 கிராம் சர்க்கரையும் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சர்க்கரை தசைக்கு எரிபொருள். சில மணி நேரத்தில் மீண்டும் ஆட வேண்டிய வீரருக்கும் அது பயன்படும். ஓடி முடித்து வீட்டுக்குப் போய்க் காலை உணவு சாப்பிடப் போகிறவருக்கு அது தேவையற்ற சுமை என்பது என் தீர்மானமான கருத்து.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது, உப்புச் சேர்த்த இளநீரும் சாப்பாடும். ஒரு லிட்டர் இளநீருக்குக் கால் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் தூள் உப்பு சேர்த்தால் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது; காயிலிருப்பதும் சேர்ந்து வியர்வையின் அளவுக்கு அருகில் வந்துவிடும். ஒரு காய்க்கு ஒரு சிட்டிகைக்குச் சற்று மேல் போதும். அந்த அளவில் கரிப்பு நாக்கில் லேசாகத்தான் தெரியும். இரண்டு காய்களை இப்படிக் குடித்துவிட்டு, மீதி நீரைச் சாதாரணத் தண்ணீராக இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கலாம். இட்லியும் சாம்பாரும், அல்லது ஊறுகாயோடு கஞ்சியும் சாப்பிட்டால், மிச்சச் சோடியத்தில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்துவிடும். உணவோடு சேரும்போது வெறும் தண்ணீர்கூட உடலில் நன்றாகத் தங்குகிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காகப் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தாது. மிகுந்த பொட்டாசியம் அவர்களுடைய இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால், ஓரிரு இளநீருக்குக்கூட அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.