முடிவு தெரியாத ஓடிடி தொடர்கள்: எதைத் தொடங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்

ஏழெட்டு வருடமாக ஓடிடியில் தொடர்கள் பார்க்கிறேன். பாதியில் நின்றுபோனவற்றில் இன்னும் மனசு ஆறாதது, நெட்ஃபிளிக்ஸில் வந்த கப்பல் மர்மத் தொடர் '1899'.

2022 நவம்பர் 17 அன்று எட்டு எபிசோடும் ஒன்றாக வந்தன. 'டார்க்' தொடரை எடுத்த அதே ஜோடி, அதைப் போலவே மூன்று சீசனுக்குக் கதை வைத்திருந்தார்கள், அதனால் முதல் சீசன் பெரிய கேள்வியோடுதான் முடியும். பல நாடுகளில் டாப் 10-இல் இருந்தது. ஆனால் 2023 ஜனவரி 2 அன்று, ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், ரத்து என்று அறிவிப்பு வந்துவிட்டது.

டாப் 10-இல் இருந்ததை ஏன் நிறுத்த வேண்டும்? நெட்ஃபிளிக்ஸின் அந்தப் பட்டியல், அப்போது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதிலிருந்து போடப்பட்டது. இரண்டு எபிசோடோடு விட்டவர் பார்த்த நேரமும் அதில் சேர்ந்தது. அடுத்த சீசனுக்குப் பணம் போடும்போதோ, முதல் சில வாரங்களில் எத்தனை பேர் கடைசி எபிசோடு வரை வந்தார்கள், அவ்வளவு பேருக்காக இந்தச் செலவு தாங்குமா என்ற கணக்கு முக்கியமாகிவிடும், ஏனென்றால் மூன்றாவது எபிசோடில் விட்டவர் இரண்டாம் சீசனுக்குத் திரும்பி வரப்போவதில்லை. அதே அளவு கூட்டம் இருந்தாலும் சின்ன பட்ஜெட் தொடர் பிழைக்கும், '1899' மாதிரி செலவு பிடித்தது பிழைக்காது. சீசன் ஏற ஏற சம்பளமும் ஏறும், அதனால் மூன்றாம் சீசனைத் தாண்டுவது இன்னும் கஷ்டம்.

நீக்கப்படுவது வேறு விஷயம். 'வில்லோ' தொடரின் முதல் சீசன் 2023 ஜனவரியில் முடிந்தது, மே 26 அன்று டிஸ்னி பிளஸ்ஸிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தளத்தில் வைத்திருந்தால் எழுத்தாளர்கள், நடிகர்களுக்குத் தொடர்ந்து தர வேண்டிய தொகை உண்டு. எடுத்துவிட்டால் அது மிச்சம், தொடரின் மதிப்பையும் கணக்கில் நஷ்டமாக எழுதிவிடலாம். அந்த ஆண்டு நீக்கிய பல தொடர்கள், படங்களுக்காக டிஸ்னி அப்படி எழுதியது சுமார் 150 கோடி டாலர். எடுத்தவர்களின் உழைப்பைப் பார்க்கவே வழியில்லாமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, இப்போது எதைத் தொடங்குகிறேன்? ஒரே சீசனோடு முடிகிற 'லிமிடெட் சீரிஸ்' என்று போட்டிருந்தால் யோசிப்பதே இல்லை. ஒவ்வொரு சீசனிலும் ஒரு வழக்கு, ஒரு கதை என்று முடிகிறவையும் அப்படித்தான். மர்மத்தைச் சீசன் சீசனாக இழுக்கிற, கப்பலும் கிராபிக்ஸுமாகச் செலவு தெரிகிற புதுத் தொடர் என்றால் அடுத்த சீசன் உறுதியாகும்வரை பொறுக்கிறேன். கடைசிக் காட்சி அந்தரத்தில் நிற்கிறதா என்று மட்டும் ஏற்கெனவே பார்த்தவரிடம் கேட்டுக்கொள்வேன், கதை வேண்டாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லோரும் இப்படிக் காத்திருந்தால் அந்த முதல் சில வாரக் கணக்கில் யாருமே இருக்க மாட்டோம், நல்ல தொடரும் அதனாலேயே நிற்கும். அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தொடர்களை, எடுத்தவர்களை நம்பி, வந்த வாரமே ஆரம்பித்து அந்த மாதத்துக்குள் கடைசி எபிசோடு வரை பார்த்துவிடுகிறேன்.