பாட்டிக்கும் அத்தைக்கும் நடுவே நின்ற நீலச் சட்டைக்காரர்

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளன்று பெங்களூரு லால்பாக்கில், கண்ணாடி மாளிகை முன்னால் எடுத்த படம் அது. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கேமராவைப் பார்ப்பது அந்த ஒரு படத்தில்தான். பாட்டிக்கும் அத்தைக்கும் நடுவில், சற்றுப் பின்னால், நீலச் சட்டை அணிந்த யாரோ ஒருவர் அண்ணாந்து மாளிகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“ஓரத்தில் நின்றிருந்தால் வெட்டிவிடலாம். நடுவில் நிற்கிறாரே, என்னப்பா செய்வாய்?” என்று கேட்டார் அல்சூர் அத்தை.

போட்டோஷாப்பில் இதற்கு உள்ள வழிகளில் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, 2010-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில். மற்றொன்று, அதைவிடப் பழைய குளோன் ஸ்டாம்ப். முன்னது தானே நிரப்பும். பின்னதில் எங்கிருந்து எடுத்து எங்கே வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அவரை முழுதாகத் தேர்ந்தெடுத்து, தேர்வை எட்டு பிக்சல் அகலப்படுத்தி, Edit > Content-Aware Fill கொடுத்தேன். உடம்பை ஒட்டியே தேர்ந்தெடுத்தால் நீலக் கோடு ஒன்று ஓரத்தில் மிஞ்சிவிடும். அதற்காகத்தான் அந்த எட்டு பிக்சல். சில நொடிகளில் ஆள் மறைந்தார். அவருடைய மார்புக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய செடிவேலி அப்படியே வளர்ந்து நின்றது. கையால் செய்திருந்தால் அதற்கே அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அவர் தலை இருந்த இடத்தில் மாளிகையின் இரும்புத் தூண் முறிந்து, இரண்டு துண்டாக விலகி நின்றது. பாட்டியின் தோளருகே, இலைகளுக்கு நடுவில், அவருடைய அரக்குப் புடவையின் ஜரிகைத் துணுக்கு ஒன்று மின்னியது.

இரண்டு பிழைக்கும் காரணம் ஒன்றுதான். ஓட்டையின் விளிம்போடு பொருந்தும் சிறு சிறு துண்டுகளைப் படத்தின் மற்ற இடங்களில் தேடி எடுத்து ஒட்டுவதே இந்த ஃபில்லின் வேலை. இலை, புல், மண் போல ஒழுங்கில்லாதவற்றுக்கு அது போதும். தூண் என்றால் நேராக இருக்க வேண்டும், புடவை தோளோடு முடிந்துவிட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

ஜரிகையை ஃபில்லுக்குள்ளேயே சரிசெய்யலாம். துண்டுகளை எந்தப் பரப்பிலிருந்து எடுக்கிறது என்பதை அது பச்சை நிறத்தில் காட்டும். அதிலிருந்து பாட்டியையும் அத்தையையும் தூரிகையால் அழித்துவிட்டால் செடியிலிருந்து மட்டுமே எடுக்கும். பலரும் இதைச் செய்யாமலேயே ஃபில்லைக் குறை சொல்கிறார்கள். Output To என்னுமிடத்தில் New Layer தேர்ந்தெடுத்தால் மூலப்படமும் கெடாது.

தூணுக்குக் குளோன் ஸ்டாம்ப்தான். புதிய லேயர் திறந்து, Sample என்பதை Current & Below ஆக்கி, அதே தூணின் மேற்பகுதியில், விளிம்புக்கோட்டின் மீதே Alt அழுத்திச் சொடுக்கினேன். தூரிகைக்குள் தெரியும் முன்னோட்டத்தில் அந்தக் கோடு கீழே உள்ள கோட்டோடு சேரும்வரை நகர்த்தி, அதன் பிறகே வைத்தேன். முதல் அடி சரியாக விழுந்துவிட்டால் மீதி அதன் வழியே இறங்கிவிடும். பக்கத்துத் தூணிலிருந்து எடுக்கக் கூடாது. அது இன்னும் தூரத்தில் இருப்பதால் ஒல்லியாகவும் சற்று மங்கலாகவும் இருக்கும்; ஒட்டியது உடனே தெரிந்துவிடும்.

பாட்டியின் தோள் விளிம்பில் தூரிகையின் Hardness 80 சதவீதம் வைத்தேன். மென்மையான தூரிகை அங்கே புகைபோல ஒரு மங்கலை விட்டுவிடுகிறது. பாட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கிக்கொண்டால் தூரிகை புடவைமேல் ஏறாது.

ஸ்டாம்ப் தோற்ற இடம் புல்தரை. வெயிலில் இருந்த புல்லை எடுத்து நிழலில் வைத்தால் வெளிறிய திட்டாகத் தெரிகிறது, ஏனென்றால் அது எடுத்த நிறத்தை எடுத்தபடியே வைக்கும். ஃபில்லில் Color Adaptation என்பதை High ஆக்கியதும் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: ஆளை ஒரே வீச்சில் நீக்க வேண்டாம். செடி, புல் பகுதிகளை ஃபில்லிடம் கொடுங்கள். தூணையும் தோளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில் முதலில், ஸ்டாம்ப் அதன்மேல். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஸ்டாம்பைத்தான் வைத்துக்கொள்வேன். செடிவேலியில் சிறு பிசகு இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். பாட்டியின் தோள் நசுங்கியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முடித்ததும் படத்தை இடவலமாகத் திருப்பி, சிறிதாக்கிப் பார்த்தேன். பழகிய கண்ணுக்குத் தப்பியது அப்போதுதான் தெரியும். ஒரே மஞ்சள் இலை வேலியில் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்றை ஸ்டாம்பால் மூடினேன். பிறகு பார்த்தால், ஆள் இல்லாத நடைபாதையில் அவருடைய நிழல் மட்டும் பாட்டியின் செருப்புவரை நீண்டு கிடந்தது. அதையும் தேர்ந்தெடுத்து, வெயில்பட்ட சிமெண்ட் தரையை மட்டும் பச்சையில் விட்டு, மறுபடியும் ஃபில் கொடுத்தேன்.